மூன்று முறை இரத்தம் எடுப்பது ஏன்?

கடுங்காய்ச்சலோடு உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட ஒருவரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வந்ததும் இடக்கையில் எடுத்தீர்கள், அடுத்து வலக்கையில் எடுத்தீர்கள், இப்போது மூன்றாவது முறையும் அம்மாவைக் குத்த வருகிறீர்கள். ஒருமுறை எடுத்த இரத்தம் போதாதா, டாக்டர்?” கேள்வி நியாயமானது. குத்துப்படுபவர் அவர்களுடைய தாய். கட்டணம் செலுத்துபவர்களும் அவர்களே. ஆனால் “மருத்துவமனை விதி” என்ற ஒற்றைச் சொல்லோடு நாங்கள் பெரும்பாலும் பதிலை முடித்துவிடுகிறோம். அந்த மூன்று என்னும் எண் வழக்கத்தினால் வந்ததன்று. பள்ளியில் நாம் எல்லோரும் படித்த மடக்கைக் கணக்கு அதற்கு அடியில் இருக்கிறது. இரத்தத்தில் கிருமி பரவியுள்ளதாக ஐயம் எழுந்தால், வயது வந்தவர்களுக்கு ஒன்றோடு நிறுத்துவது தவறு என்பதும், காரணமின்றி நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருப்பது அதற்குக் குறையாத தவறு என்பதும் எங்கள் உறுதியான கருத்து. இரண்டுக்கும் காரணம் ஒரே கணக்கில் உள்ளது.

முதலில் சோதனையைப் பற்றிச் சில சொற்கள். இரத்த வளர்ப்புச் சோதனை என்பதை வார்டில் எல்லோரும் பிளட் கல்ச்சர் என்றே அழைக்கிறார்கள். ஒரே குத்தில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, ஊட்டக்கரைசல் நிரம்பிய இரண்டு புட்டிகளில் பத்துப் பத்தாகப் பிரித்து விடுகிறோம். ஒன்று உயிர்வளி உள்ள சூழலில் வளரும் கிருமிகளுக்கு, மற்றது உயிர்வளி இல்லாத சூழலில் வளர்பவற்றிற்கு. இந்த இரண்டு புட்டிகளும் சேர்ந்ததே ஒரு செட். உடல் வெப்பநிலையில் வைக்கப்படும் புட்டிகளைக் கருவி ஐந்து நாள்கள் வரை கண்காணிக்கிறது. கிருமி இருந்தால் அது பெருகிக் கருவிக்குத் தெரியும். மூன்று செட்டுக்கு 60 மில்லிலிட்டர் ஆகிறது. இரத்த தானம் செய்பவர் ஒரே அமர்வில் 350 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு எழுந்து நடந்து செல்கிறார் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அளவு எடைக்கேற்ப மிகக் குறைவு. இக்கட்டுரை பெரியவர்களைப் பற்றியது மட்டுமே.

இவ்வளவு இரத்தம் எதற்கு என்றால், கிருமி இரத்தம் முழுவதும் அடர்ந்து கிடப்பதில்லை. பெரியவர்களில் பல வேளைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிகூட இருப்பதில்லை. பெரிய கண்மாயில் சில மீன்களே இருக்கும்போது ஒருமுறை வலை வீசிப் பார்ப்பது போன்றது இது. வலையில் மீன் இல்லையென்றால் கண்மாயில் மீன் இல்லை என்று பொருளாகாது.

அப்படியானால் எத்தனை முறை வீச வேண்டும்? இதற்கு விடை காண முதல் வீச்சில் அகப்படும் வாய்ப்பு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மெல்வின் வைன்ஸ்டீன் என்னும் நுண்ணுயிரியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. 24 மணி நேரத்திற்குள் மூன்று செட்டோ அதற்கு மேலோ எடுக்கப்பட்டு, அவற்றில் ஒன்றிலாவது உண்மையான கிருமி வளர்ந்த நோயாளிகளை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். முதல் செட்டிலேயே கிருமி பிடிபட்டவர்கள் 73.1 விழுக்காட்டினர். அதாவது, இரத்தத்தில் கிருமி இருப்பது பின்னர் உறுதியானவர்களிலேயே நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரை முதல் செட் தவறவிட்டிருக்கிறது.

எளிமைக்காக இதை 73 என்று கொள்வோம். இங்கேதான் படித்தவர்கள்கூட வழுக்கிவிடுகிறார்கள். இரண்டு செட் எடுத்தால் வாய்ப்பு 73ஐயும் 73ஐயும் கூட்டிய தொகை ஆகாது. அப்படிக் கூட்டினால் 146 விழுக்காடு என்ற பொருளற்ற எண் வரும். கிருமி பிடிபடும் வாய்ப்பைக் கூட்டுவதை விட்டுவிட்டு, தப்பிக்கும் வாய்ப்பைப் பெருக்க வேண்டும். ஒரு செட்டிலிருந்து கிருமி தப்பிக்கும் வாய்ப்பு 0.27. இரண்டிலிருந்தும் தப்பிக்க வேண்டுமானால் 0.27 × 0.27, அதாவது ஏறத்தாழ 0.073. மூன்றிலிருந்தும் தப்பிக்க 0.27ஐ மும்முறை பெருக்க வேண்டும்; விடை ஏறத்தாழ 0.02. அப்படியெனில் மூன்றில் ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு 98 விழுக்காடு.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தவறவிடக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், எத்தனை செட் வேண்டும்? 0.27ஐ எத்தனை முறை பெருக்கினால் 0.05க்குக் கீழே வரும் என்பதே கேள்வி. தேடும் எண் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அடுக்கில் இருப்பதைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் கருவிதான் மடக்கை. மடக்கை எடுத்தவுடன் பெருக்கல் கூட்டலாகிறது. அடுக்கு வெறும் பெருக்கெண்ணாகிறது. ஒரு செட்டில் பிடிபடும் வாய்ப்பை p என்றும், நாம் விரும்பும் உறுதியை C என்றும், தேவையான செட்டுகளின் எண்ணிக்கையை n என்றும் வைத்தால் வாய்பாடு இது:

n = log(1 − C) / log(1 − p)

நமது கணக்கில் மேலே இருப்பது 0.05இன் மடக்கை, −1.301. கீழே இருப்பது 0.27இன் மடக்கை, −0.569. இரண்டும் குறை எண்கள் ஆதலால் குறிகள் நீங்கி, வகுத்தால் 2.29 கிடைக்கிறது. 2.29 செட் என்று ஒன்று இல்லை. இதை அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சுருக்கி இரண்டு என்று கொள்ளக் கூடாது. இரண்டில் நாம் வரையறுத்த உறுதி கிடைப்பதில்லை. எப்போதும் மேலே உள்ள முழு எண்ணுக்குத்தான் போக வேண்டும். ஆகவே மூன்று. 95 போதாது, 99 விழுக்காடு உறுதி வேண்டும் என்றால், 0.01இன் மடக்கையாகிய −2ஐ அதே எண்ணால் வகுக்க 3.5 வருகிறது, நான்கு செட் தேவை.

பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்தை வைத்துப் படித்த எங்கள் தலைமுறையினர் “இது எப்போது பயன்படப் போகிறது” என்று கேட்டதுண்டு. பயன்படும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவின் பரிசோதனைச் சீட்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கணக்கு சொல்வதும் உலகில் நடப்பதும் ஒன்றுதானா? அதே ஆய்வில் இரண்டு செட்டில் 89.7, மூன்றில் 98.2, நான்கில் 99.8 விழுக்காட்டினர் கண்டறியப்பட்டார்கள். மூன்றாவது இடத்தில் கணக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. இரண்டாவது இடத்தில் கணக்கு ஏறத்தாழ 93 என்கிறது. கிடைத்தது 90க்கும் குறைவு. இந்தச் சிறு இடைவெளி கவனிக்கத்தக்கது. முதல் செட்டில் கிருமி பிடிபடாதவர்கள் வெறும் துரதிர்ஷ்டத்தால் தப்பியவர்கள் மட்டுமல்லர். அவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கிருமி இயல்பாகவே மிகக் குறைவு. அவர்களுக்கு இரண்டாவது செட்டிலும் வாய்ப்பு 73 அன்று, அதற்கும் கீழே. வாய்பாடு ஒவ்வொரு சோதனையும் மற்றதைச் சாராதது என்றும், வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றே என்றும் எடுத்துக்கொள்கிறது. மனித உடல் அந்த நிபந்தனைக்கு முழுமையாக இசைவதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வின் பட்டியலில் இடம்பெற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு செட்டில் கிருமி வளர்ந்தவர்கள். எடுத்த எதிலுமே வளராமல் போனவர்கள் அதில் இல்லை. ஆகவே 98 என்பதைக் கண்டறியக்கூடியவர்களில் 98 என்று படிக்க வேண்டுமேயன்றி, நோயுற்ற எல்லோரிலும் 98 என்று படிக்கக் கூடாது.

சார்பிலாச் சோதனை என்னும் நிபந்தனை படுக்கையருகில் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். “ஏற்கெனவே வென்ஃப்ளான் போட்டிருக்கிறதே, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது அன்பினால் சொல்லப்படுவது. அல்லது ஒரே குத்தில் 60 மில்லிலிட்டரையும் எடுத்து ஆறு புட்டிகளில் ஊற்றிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். இரத்தத்தின் அளவு கூடுவதால் கிருமியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிலும் கூடத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஊசி நுழைந்த இடத்தில் தோலிலிருந்த கிருமி ஒன்று ஊசியோடு வந்துவிட்டால், அது ஆறு புட்டிகளிலும் போய்ச் சேரும். அப்போது ஆறு சாட்சிகள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒரே சாட்சி ஆறு முறை பேசியிருக்கிறார். வெவ்வேறு நரம்பில், ஒவ்வொரு முறையும் தோலைப் புதிதாகத் தூய்மைசெய்து, மருந்து உலர்ந்த பின் குத்துவதுதான் தனித்தனிச் சோதனை. தூய்மைசெய்த இடத்தை விரலால் மீண்டும் தடவிப் பார்க்காமல் குத்துகிறார்களா என்பதை அருகில் நிற்கும் உறவினர் கவனிக்கலாம். தடவினால் தயங்காமல் சொல்லலாம்.

தோலிலிருந்து வரும் இந்தக் கலப்படம் தேவைக்கு மேல் சோதனை செய்வதன் கேட்டையும் விளக்குகிறது. நன்கு நடைபெறும் மருத்துவமனையிலும் நூறு செட்டில் மூன்று வரை கலப்படமாவதைத் தரக்கட்டுப்பாட்டு அளவுகோல்கள் ஏற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. இப்போது அதே வாய்பாட்டைப் பொய்யான விடைக்குப் பொருத்திப் பாருங்கள். இரத்தத்தில் கிருமியே இல்லாத ஒருவரிடம் மூன்று செட் எடுத்தால், ஒன்றிலாவது தோல் கிருமி வளரும் வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு. பத்து செட் எடுத்தால் அது 26 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடுகிறது. “தினமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், டாக்டர்” என்று கேட்பவர்கள் தங்களை அறியாமலே நான்கில் ஒரு பங்கு பொய் எச்சரிக்கையை விலைகொடுத்து வாங்குகிறார்கள். அந்தப் பொய்க்குப் பின்னால் தேவையற்ற வான்கோமைசின், அதனால் சிறுநீரகத்துக்கு நேரும் தொல்லை, இன்னும் சில நாள்கள் படுக்கை என்று வரிசையாக வரும்.

இதிலும் தனித்தனிக் குத்துதான் காக்கிறது. ஒரே ஒரு செட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் தோல் கிருமி வளர்ந்து, மற்ற இரண்டில் ஒன்றும் வளராவிட்டால், பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்தது என்று கொள்கிறோம். குறிப்பிட்ட இரண்டு செட்டும் தனித்தனியே கலப்படமாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்பதுதான். ஆகவே அதே கிருமி இரண்டில் வளர்ந்தால் அதை எளிதில் தள்ளிவிடுவதில்லை. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உயிரைத் தொடும் விஷயம். ஒரு செட் மட்டும் எடுத்திருந்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்ல எங்களுக்கு வழியே இல்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரே செட்டில் வளர்ந்தாலும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குகிறோம்.

இனி, நாங்கள் மிகவும் வருந்தும் ஒன்றுக்கு வருகிறோம். மூன்று நாள் குளிர்க்காய்ச்சலோடு வரும் ஒரு சர்க்கரை நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கோ ஓர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டோ, மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கியோதான் வருகிறார். அதன் பின் எடுக்கும் இரத்தத்தில் p என்ன ஆகிறது? 2019ஆம் ஆண்டில் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், கடும் கிருமித்தொற்றோடு வந்தவர்களிடம் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னும், கொடுத்த இரண்டு மணி நேரத்திற்குள்ளும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கு முன் 102 பேரிடம் கிருமி வளர்ந்தது. அதே 102 பேரில் மருந்துக்குப் பின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளர்ந்தது 54 பேரிடம் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே ஏறத்தாழ பாதி மறைந்துவிட்டது.

நமது 73ஐ அதே விகிதத்தில் குறைத்தால் p ஏறத்தாழ 0.39 ஆகிறது, தப்பிக்கும் வாய்ப்பு 0.61. 0.61இன் மடக்கை −0.215. −1.301ஐ அதனால் வகுத்தால் ஆறுக்குச் சற்று மேலே வருகிறது. விதிப்படி ஏழு செட். மூன்று குத்துக்குப் பதிலாக ஏழு குத்து, 60 மில்லிலிட்டருக்குப் பதிலாக 140. இதுவும் தோராயமான கணக்குதான். உண்மை இதைவிட மோசமாக இருக்கும். ஏனெனில் மருந்து இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்க, மணிக்கு மணி p குறைகிறது; எல்லாப் புட்டிகளுக்கும் ஒரே மருந்து ஒரே தடையாக நிற்பதால் சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லவும் இயலாது. ஆகவே நாங்கள் ஏழு எடுப்பதில்லை. மூன்று எடுத்துவிட்டு, கிடைக்கும் விடையை அந்த அளவுக்கே நம்புகிறோம். “ஒன்றும் வளரவில்லை” என்ற அறிக்கை அத்தகையவரிடம் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இதிலிருந்து சிலர் தலைகீழான முடிவுக்கு வந்துவிடலாகாது. கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் உடலில் இறங்க வேண்டும். மூன்று செட்டையும் காத்திருந்து இடைவெளிவிட்டு எடுக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. இரு கைகளிலுமாக அடுத்தடுத்து எடுத்துவிடலாம். நரம்பு கிடைத்தால் சில நிமிடங்களே ஆகும். நரம்பு கிடைக்காமல் முக்கால் மணி நேரம் கடந்துவிடும் நிலை வந்தால், இரத்தம் எடுப்பதை விட்டுவிட்டு மருந்தை ஏற்றிவிடுகிறோம். இந்த முடிவில் எங்களுக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. வரும் வழியில் வேறு எங்கும் ஊசி போட்டிருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று மட்டுமே உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சீட்டு இல்லாவிட்டால் மாத்திரைப் பட்டையைக் கொண்டுவாருங்கள். கணக்கில் p எந்த எண் என்று அதைக்கொண்டுதான் முடிவுசெய்ய முடியும்.

மூன்றிலும் ஐந்து நாள் வரை ஒன்றும் வளரவில்லை, காய்ச்சலும் விடவில்லை. இப்போது நான்காவது, ஐந்தாவது என்று போகலாமா? வாய்பாட்டில் p பூச்சியமானால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 1இன் மடக்கை பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க இயலாது. எத்தனை செட் எடுத்தாலும் விரும்பிய உறுதி வராது. இது வெறும் கணக்கு வேடிக்கை அன்று. டெங்கு இந்தப் புட்டியில் வளராது. மலேரியா வளராது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் நாங்கள் மிகுதியாகப் பார்க்கும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சலின் கிருமி, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழ்வது. ஊட்டக்கரைசலில் அதற்கு இடமில்லை. அத்தகைய நோயாளியிடம் பத்தாவது புட்டியும் முதல் புட்டியைப் போலவே வெறுமையாக இருக்கும்.

அங்கே வேண்டியது வேறு சோதனை: ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் எலைசா. அதற்கும் முன்பாக வேண்டியது நல்ல வெளிச்சத்தில் உடலைப் பார்ப்பது. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருநிறப் பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகையால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்மடிப்பு, காதின் பின்புறம், இடுப்பில் பாவாடை நாடாவோ அரைஞாணோ படும் இடம் ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கும். குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் மகளோ மருமகளோ எங்களுக்கு முன்பே அதைக் கண்டுவிடுவதுண்டு. கண்டால் அன்றைய பணியிலிருக்கும் மருத்துவரிடம் அப்போதே காட்டுங்கள். டாக்சிசைக்ளின் தொடங்க நாங்கள் எலைசா முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.